பேஸில் எத்தனை வோல்ட்? — ஆய்வுக்கூட வாய்மொழித் தேர்வு பற்றி இளையோருக்கு



நம் ஊர்ப் பக்கத்தில் ‘ரெக்கார்டு’ என்றும் ‘வைவா’ என்றும் வழங்குவனவற்றை, பம்பாயில் ‘ஜர்னல்’ என்றும் ‘ஓரல்’ என்றும் சொல்லுகிறார்கள். பெயர் மாறினாலும் பொருள் மாறவில்லை. மாட்டுங்காவில் உள்ள வீரமாதா ஜீஜாபாய் தொழில்நுட்ப நிறுவனம் 1887-ஆம் ஆண்டு பைகுல்லாவில் வேறொரு பெயரில் தோன்றியது. 1923-இல் மாட்டுங்காவுக்கு இடம் பெயர்ந்தது. 1997-இல் இப்போதைய பெயரைப் பெற்றது. அங்கும், செம்பூரிலுள்ள பொறியியற் கல்லூரிகளிலும், தாராவியிலிருந்தும் கிங்ஸ் சர்க்கிளிலிருந்தும் நடந்தும் பஸ்ஸிலும் வரும் நம் தமிழ்ப் பிள்ளைகள் பலர் மின்னணுவியல் பயிலுகின்றனர். எழுத்துத் தேர்வில் நன்றாக எழுதிவிட்டு, ஆய்வுக்கூடத்தில் தேர்வாளர் எதிரே நின்றதும் வாயடைத்துப் போவோர் அவர்களில் சிலர். நாங்களும் அப்படி நின்றவர்களே. ஆகையால் அந்த அனுபவத்திலிருந்தே தொடங்குகிறோம்.

எங்கள் மேசையில் நால்வர் இருந்தோம். சோதனை, ஒற்றை டிரான்சிஸ்டர் கொண்ட பெருக்கி. ஜர்னல் குறைவின்றி இருந்தது. வரைபடம் அழகாக இருந்தது. மூன்று மின்தேக்கிகளின் பயன்களை மனப்பாடமாய் வைத்திருந்தோம். தேர்வாளர் அவற்றுள் ஒன்றையும் கேட்கவில்லை. “பேஸில் எத்தனை வோல்ட்?” என்றார். “2.1” என்றோம். “அளந்தீர்களா, கணக்கிட்டீர்களா?” என்றார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவர் மீட்டரின் முனையை வைத்துக் காட்டினார். 2.02 என்று வந்தது. “மிச்சம் 0.08 வோல்ட் எங்கே போயிற்று?” என்று கேட்டார். நால்வரும் மௌனம். ஒருவர் மட்டும் “மீட்டர் பிழை” என்று சொல்லி, இருந்த மதிப்பையும் இழந்தார்.

அந்த 0.08 வோல்ட் எங்கே போயிற்று என்பதைக் கண்டுபிடித்தால், இந்தச் சோதனையில் கேட்கப்படும் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு விடை கிடைத்துவிடும். ஆகவே பல சோதனைகளை மேலெழுந்தவாரியாகத் தொடாமல், இந்த ஒரு பெருக்கியையே எடுத்துக்கொள்வோம்.

மின்சுற்று இது. மின்வழங்கி 12 வோல்ட். டிரான்சிஸ்டர் பி.சி. 547. வழங்கியிலிருந்து பேஸுக்கு 47 கிலோ ஓம், பேஸிலிருந்து தரைக்கு 10 கிலோ ஓம். கலெக்டரில் 2.2 கிலோ ஓம், எமிட்டரில் 680 ஓம். எமிட்டர்த் தடையின் குறுக்கே 100 மைக்ரோஃபாரட் மின்தேக்கி. உள்ளே வரும் வழியிலும் வெளியே போகும் வழியிலும் பத்துப் பத்து மைக்ரோஃபாரட். உங்கள் கல்லூரியில் மதிப்புகள் சற்று வேறாக இருக்கலாம். கணக்கிடும் முறை ஒன்றே.

பேஸிலுள்ள இரண்டு தடைகளும் 12 வோல்ட்டைப் பங்கிடுகின்றன. மொத்தம் 57 கிலோ ஓம். அதில் கீழ்ப்பங்கு 10. எனவே 12-ஐ 57-ஆல் வகுத்துப் பத்தால் பெருக்க 2.1 வோல்ட் வருகிறது. நாங்கள் சொன்ன விடை இதுதான். ஆனால் இந்தக் கணக்கு, பேஸ் ஒரு துளி மின்னோட்டமும் எடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு. உண்மையில் எடுக்கிறது. எமிட்டர் வழியே சுமார் 2 மில்லிஆம்பியர் ஓடுகிறது. டிரான்சிஸ்டரின் பெருக்கெண் 200 என்றால், பேஸ் எடுப்பது அதில் இருநூற்றில் ஒரு பங்கு, அதாவது 10 மைக்ரோஆம்பியர். பேஸிலிருந்து பார்த்தால் அந்த இரண்டு தடைகளும் இணையாக இணைந்த 8.25 கிலோ ஓம்போல் தோன்றும். 10 மைக்ரோஆம்பியர் 8.25 கிலோ ஓம் வழியே ஓடினால் இழப்பு 0.08 வோல்ட். காணாமற்போன பணம் இதோ கிடைத்துவிட்டது!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மீட்டரே குற்றவாளியாகும் சமயமும் உண்டு. எண் காட்டும் மீட்டர் சுற்றிலிருந்து எடுப்பது மிகச் சொற்பம். ஆனால் பழைய ஊசி மீட்டர், வோல்ட்டுக்கு 20 கிலோ ஓம் என்ற வகையானால், 10 வோல்ட் வரம்பில் 200 கிலோ ஓம் தடையாகத் தானும் அங்கே உட்கார்ந்துகொள்ளும். அதனால் மேலும் ஏறத்தாழ 0.08 வோல்ட் குறைந்து 1.94 என்று காட்டும். ஆகவே “எந்த மீட்டரால் அளந்தீர்?” என்று தேர்வாளர் கேட்டால், அது குறும்புக் கேள்வி அன்று.

இனி எமிட்டருக்கு வருவோம். பேஸைவிடச் சுமார் 0.65 வோல்ட் தாழ்ந்து 1.37 வோல்ட் இருக்கும். 680 ஓம் வழியே அதனால் 2 மில்லிஆம்பியர் ஓடும். அதுவே ஏறத்தாழக் கலெக்டர் வழியாகவும் ஓடி, 2.2 கிலோ ஓமில் 4.4 வோல்ட்டை விழச்செய்யும். கலெக்டரில் மிஞ்சுவது 7.6 வோல்ட். 2.02, 1.37, 7.6 என்ற இந்த மூன்று எண்களையும், அலைக் குறிப்பொன்றும் கொடுக்குமுன் தாளில் எழுதிவிட்டு, பின்னர் அளந்து பக்கத்தில் குறிக்க வேண்டும். பெரும்பாலோர் வழங்கியை ஏற்றியவுடனே ஆசிலோஸ்கோப்பை நாடுகின்றனர். சுற்றில் பிழை இருந்தால் திரையில் ஏதோ ஒரு கோணல் அலை தெரியுமே தவிர, பிழை எங்கே என்று தெரியாது.

நேர்மின்னழுத்தமோ ஒளிவு மறைவின்றிச் சொல்லிவிடும். கலெக்டரில் 12 வோல்ட் அப்படியே இருந்தால், டிரான்சிஸ்டர் மின்னோட்டத்தைக் கடத்தவே இல்லை. எமிட்டர் இணைப்போ பேஸ் இணைப்போ விட்டுப்போயிருக்கிறது. கலெக்டரும் எமிட்டரும் இரண்டுமே 3 வோல்ட் அளவில் ஒட்டிக்கொண்டு நின்றால், பேஸிலிருந்து தரைக்குப் போகும் 10 கிலோ ஓம் தடை பலகையில் சரியாகப் பதியவில்லை என்று முதலில் ஐயுற வேண்டும். அப்போது 47 கிலோ ஓம் மட்டும் பேஸை மேலே இழுத்து, டிரான்சிஸ்டரை முழுவதும் திறந்துவிடுகிறது. எண்கள் எவையும் பொருந்தவில்லையெனில் டிரான்சிஸ்டரின் கால்களைப் பாருங்கள். பி.சி. 547-இன் தட்டையான முகம் நம்மைப் பார்க்க, கால்கள் கீழ்நோக்கியிருக்க, இடமிருந்து வலமாகக் கலெக்டர், பேஸ், எமிட்டர். வேறு சில டிரான்சிஸ்டர்களில் இந்த வரிசை தலைகீழாகும். உருவத்தை நம்பி ஏமாறுவது எளிது.

இவ்விடத்தில் தேர்வாளர் கட்டாயம் ஒன்று கேட்பார்: “பேஸுக்கு ஒரே தடை போதாதா? எமிட்டர்த் தடை எதற்கு?” நூல்களில் உள்ள விடை ‘நிலைப்புத்தன்மை’ என்பது. அந்த ஒரு சொல்லைச் சொல்லி நிறுத்தினால் அவர் விடமாட்டார். எண்ணால் சொல்லுங்கள். ஒரே வகை டிரான்சிஸ்டர்களில்கூடப் பெருக்கெண் ஒன்றுக்கொன்று வெகுவாக வேறுபடும். பி.சி. 547-இல் ‘பி’ என்று முடியும் பிரிவிலேயே 200 முதல் 450 வரை இருக்கலாம். வழங்கியிலிருந்து ஒரே தடையால் பேஸுக்கு ஓட்டம் கொடுத்து, எமிட்டரை நேரே தரையில் சேர்த்துவிட்டால், பெருக்கெண் மும்மடங்கானால் கலெக்டர் ஓட்டமும் மும்மடங்காகும். 100-இலிருந்து 300-க்குப் போனால் 1 மில்லிஆம்பியர் 3 மில்லிஆம்பியராகும். நம் சுற்றிலோ அதே மாற்றத்துக்கு ஓட்டம் 1.89-இலிருந்து 2.05 மில்லிஆம்பியருக்குத்தான் போகிறது. காரணம், ஓட்டம் மிகுந்தால் எமிட்டர் அழுத்தம் உயர்கிறது. அது உயர்ந்தால் பேஸுக்கும் எமிட்டருக்கும் இடைப்பட்ட அழுத்தம் குறைகிறது. அது குறைந்தால் ஓட்டம் தானே அடங்குகிறது. இந்தச் சங்கிலியைத் தடுமாறாமல் சொல்லக்கூடியவரிடம் இதைப்பற்றி அடுத்த கேள்வி வருவதில்லை.

ஆனால் எமிட்டர்த் தடை நேர்மின்னோட்டத்துக்குச் செய்யும் இதே நன்மை, அலைக்குத் தீமையாகிறது. பெருகவேண்டிய அலையையும் அது அடக்கப் பார்க்கும். அதனால்தான் அதன் குறுக்கே மின்தேக்கியை வைத்து, அலைக்கு மட்டும் குறுக்குவழி திறக்கிறோம். இதன் வலிமையை எண்ணில் காணலாம். டிரான்சிஸ்டருக்குள்ளேயே எமிட்டரில் ஒரு சிறு தடை உண்டு. அறை வெப்பநிலையில் 26-ஐ மில்லிஆம்பியரில் சொன்ன ஓட்டத்தால் வகுத்தால் அது ஓமில் கிடைக்கும். நமக்கு 13 ஓம். கலெக்டர்த் தடை 2200-ஐ 13-ஆல் வகுக்கப் பெருக்கம் ஏறத்தாழ 170. மின்தேக்கியைப் பிடுங்கிவிட்டால் 2200-ஐ 693-ஆல் வகுக்க வேண்டும். விடை 3-க்குச் சற்று மேல். ஆகவே உங்கள் பெருக்கி 170-க்குப் பதில் மூன்றே மடங்கு பெருக்கினால், டிரான்சிஸ்டரைக் குறை சொல்லாதீர்கள். எமிட்டர் மின்தேக்கியின் ஒரு கால் துளையில் சரியாக நுழையாமல் இருக்கிறது. தேர்வாளர்கள் சிலர் மாணவன் பாராதபோது இந்த மின்தேக்கியையே கழற்றிவிட்டு, “என்ன ஆயிற்று?” என்று கேட்பதுண்டு.

நீங்கள் 170-ஐ எதிர்பார்த்து 140-தான் பெற்றால்? வெளியேறும் வாயிலில் 10 கிலோ ஓம் சுமை இணைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். அலையின் கண்ணுக்கு அது 2.2 கிலோ ஓமுக்கு இணையாகச் சேர்ந்து, மொத்தத்தை 1.8 கிலோ ஓமாகக் குறைக்கிறது. கணக்கும் 140-க்கு வந்து நிற்கும். அளவுக்கும் கணக்குக்கும் இடையே வேற்றுமை தோன்றினால் அதை மறைத்து ஜர்னலில் ‘சரி’ செய்யும் பழக்கம் நம்மிடையே உண்டு. அது கூடாது என்பது ஒருபுறம் இருக்க, வாய்மொழித் தேர்வில் அந்த வேற்றுமையே நமக்கு மதிப்பெண் தரும் இடம் என்பதை நாங்கள் தாமதமாகவே கண்டுகொண்டோம்.

அடுத்து, உள்ளே கொடுக்கும் அலை எவ்வளவு பெரியதாக இருக்கலாம் என்ற கேள்வி. “திரையில் நன்றாகத் தெரிய வேண்டும் என்று 20 மில்லிவோல்ட் உச்சம் கொடுத்தோம்” என்பது பலர் செய்யும் பிழை. அந்த 13 ஓம் மாறாத தடை அன்று. ஓட்டம் மிகும்போது குறையும், ஓட்டம் குறையும்போது மிகும். 20 மில்லிவோல்ட் உச்சத்தில் கலெக்டர் அலை கீழே 5 வோல்ட்டும் மேலே 2.4 வோல்ட்டும் போகும். கீழரை நீண்டும் மேலரை குறுகித் தட்டையாகவும் தெரியும். இதனைக் கண்டு, வழங்கியின் எல்லையில் அலை வெட்டுப்படுகிறது என்று சொல்பவர்கள் பலர். வெட்டு அன்று, வளைவு. 5 மில்லிவோல்ட் உச்சம் போதும். அப்போது வெளியே சுமார் 1.7 வோல்ட், உச்சிமுதல் அடிவரை கிடைக்கும். அலையூட்டும் கருவியின் குமிழை அவ்வளவு தாழ்த்த இயலாதெனில், அதிலுள்ள தணிப்புப் பொத்தானை அழுத்திக்கொள்ள வேண்டும்.

மின்தேக்கியின் முகம் எந்தப் பக்கம் என்பதும் ஒரு கேள்வி. உள்வரும் மின்தேக்கியின் நேர்முனை பேஸை நோக்கவேண்டும். ஏனெனில் பேஸில் 2 வோல்ட் இருக்கிறது, அலைக்கருவியின் பக்கத்தில் நேர்மின்னழுத்தம் இல்லை. வெளிச்செல்வதன் நேர்முனை கலெக்டரை நோக்கவேண்டும். இதற்கு மேல் இதில் ஒன்றுமில்லை.

இனி, எங்களுள் ஒருவரும் முதலில் புரிந்துகொள்ளாத ஒன்றைச் சொல்கிறோம். அதிர்வெண்ணைக் குறைத்துக்கொண்டே போனால் பெருக்கம் ஓரிடத்தில் 170-இலிருந்து அதன் 0.707 பங்கான 120-க்கு இறங்கும். அந்த அதிர்வெண்ணுக்குக் கீழ்வெட்டு என்று பெயர். “மூன்று மின்தேக்கிகளில் எது இதைத் தீர்மானிக்கிறது?” என்று கேட்பார்கள். எமிட்டர் மின்தேக்கி 100 மைக்ரோஃபாரட், அதன் பக்கத்திலுள்ள தடை 680 ஓம். இரண்டையும் பெருக்கிக் கணக்கிட்டால் கீழ்வெட்டு 2 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேல் வரும். ‘ஆகவே அது தீர்மானிப்பதில்லை’ என்று நாங்கள் எழுதினோம். ஆனால் அளந்தபோது 120 ஹெர்ட்ஸுக்கு அருகே வந்தது! ஐம்பது மடங்கு வேற்றுமை.

பிழை இதுதான். மின்தேக்கியின் மேல்முனையிலிருந்து சுற்றைப் பார்த்தால், 680 ஓம் மட்டும் தெரிவதில்லை. டிரான்சிஸ்டருக்குள் இருக்கும் அந்த 13 ஓமும் இணையாகத் தெரிகிறது. பெருவெள்ளம் அகன்ற மதகை நாடுவதுபோல, இணையாக உள்ளவற்றில் சிறிய தடையே ஆட்சி செய்யும். எனவே 13 ஓமையும் 100 மைக்ரோஃபாரடையும் கொண்டு கணக்கிட வேண்டும். 122 ஹெர்ட்ஸ் வருகிறது. உள்வரும் 10 மைக்ரோஃபாரடோ சுமார் 2 கிலோ ஓமைக் காண்கிறது; அதன் கணக்கு 8 ஹெர்ட்ஸ்தான். ஆகையால் கீழ்வெட்டைத் தீர்மானிப்பது எமிட்டர் மின்தேக்கியே. அவசரத்தில் 100-க்குப் பதில் 10 மைக்ரோஃபாரட் செருகிவிட்டால் கீழ்வெட்டு 1200 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். 1000 ஹெர்ட்ஸில்கூடப் பெருக்கம் 110-க்குக் கீழே நிற்கும். சோதனையைக் கெடுக்கும் இந்த வகைப் பிழை கண்ணுக்குத் தெரிவதில்லை, ஏனெனில் இரண்டும் உருவில் ஏறத்தாழ ஒன்றே.

மேல்வெட்டில் வேறொரு வேடிக்கை. “உயர்ந்த அதிர்வெண்ணில் பெருக்கம் ஏன் குறைகிறது?” என்றால், டிரான்சிஸ்டரின் உள்ளே கலெக்டருக்கும் பேஸுக்கும் இடையிலுள்ள மிகச் சிறு மின்தேக்கம், பெருக்கத்தால் பன்மடங்காகத் தோன்றி அலையை விழுங்குகிறது என்பது நூல் விடை. சில பிக்கோஃபாரட், 170 மடங்கு பெருகினால் பல நூறு பிக்கோஃபாரட் ஆகிறது. விடை சரியே. ஆனால் நம் மேசையில் நாம் அளந்த மேல்வெட்டு டிரான்சிஸ்டருடையதாகவே இருக்கும் என்று சத்தியம் செய்ய முடியாது. ஆசிலோஸ்கோப்பின் கம்பியை ஒரு மடங்கு நிலையில் வைத்து அளந்தால், கம்பியும் கருவியும் சேர்ந்து 100 பிக்கோஃபாரட் அளவில் சுமையைக் கலெக்டரில் ஏற்றுகின்றன. 2.2 கிலோ ஓமுடன் சேர்த்துக் கணக்கிட்டால் 720 கிலோஹெர்ட்ஸ் அளவிலேயே வெட்டு வந்துவிடுகிறது. அளந்தது பெருக்கியையா, கம்பியையா? கம்பியின் கைப்பிடியிலுள்ள சிறு பொத்தானைப் பத்து மடங்கு நிலைக்குத் தள்ளி மறுபடி அளந்தால் தெரிந்துவிடும். வெட்டு மேலேறினால் முன்னர் அளந்தது கம்பியைத்தான். இதனை ஜர்னலில் ஒரு வரியாக எழுதி வைத்திருந்த மாணவி ஒருத்தியிடம் தேர்வாளர் வேறெந்தக் கேள்வியும் கேட்காமல் கையெழுத்திட்டதை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

மொழியைப்பற்றியும் ஒரு வார்த்தை. தேர்வாளர் ஆங்கிலத்தில் கேட்பார். சில வேளை நடுவே இந்தியிலோ மராத்தியிலோ பேசுவார். நாம் வீட்டில் தமிழில் சிந்திக்கிறோம். அதில் குறையொன்றுமில்லை, சங்கிலியை முதலில் தமிழில் சொல்லிப் பழகி, அதன் பிறகு கலைச்சொற்களை மட்டும் ஆங்கிலத்தில் வைத்துச் சின்னச் சின்ன வாக்கியங்களாகச் சொல்லிப் பாருங்கள். நீண்ட வாக்கியத்தில் இறங்கியவர்கள் நடுவழியில் எழுவாயைத் தொலைத்துவிடுகிறார்கள். அழுத்தம் ‘ஓடுகிறது’ என்று சொல்லிவிடாமல் காத்துக்கொள்ளுங்கள்; ஓடுவது ஓட்டம், அழுத்தம் இரு புள்ளிகளுக்கு இடையே நிற்பது. பெருக்கத்துக்கு அலகு கிடையாது. ‘170 வோல்ட்’ என்று சொன்னால் அங்கேயே பிடித்துக்கொள்வார்கள்.

ஆய்வுக்கூடம் வாரத்தில் ஒருநாள்தான் நமக்குக் கிடைக்கும். தாராவியில் ஓரறை வீட்டில் ஐவர் படுக்கும் இடத்தில் கருவிகளுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். ஆசிலோஸ்கோப் இல்லாமலே இந்தச் சோதனையின் முற்பாதியைச் செய்யலாம். கிராண்ட் ரோடு நிலையத்துக்கு அருகே லாமிங்டன் சாலையில் டிரான்சிஸ்டர், தடைகள், செருகு பலகை, சிறிய எண் மீட்டர் யாவும் கிடைக்கும். 9 வோல்ட் பாட்டரி ஒன்று போதும். மின்வழங்கி மாறியதால் எண்களும் மாறும். அவற்றை நீங்களே முதலில் கணக்கிட வேண்டும். பங்கீட்டில் பேஸுக்கு 1.58 வருகிறது, பேஸ் ஓட்டத்தைக் கழித்தால் 1.53, எமிட்டரில் 0.88, ஓட்டம் 1.3 மில்லிஆம்பியர், கலெக்டரில் 6.2. புதிய பாட்டரி 9-க்குச் சற்று மேலேயும் பழையது கீழேயும் இருக்கும். ஆகவே அதை முதலில் அளந்து அந்த எண்ணைக்கொண்டு கணக்கிடுங்கள்.

இருவர் இருவராக உட்காருங்கள். ஒருவர் தாளில் எண்களை எழுதிக் கவிழ்த்து வைக்கட்டும். மற்றவர், அவர் அறியாமல் ஒரு தடையையோ கம்பியையோ பிடுங்கட்டும். முதலாமவர் மீட்டரைக் கொண்டு மூன்று கால்களிலும் அளந்து, எது பிடுங்கப்பட்டது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். 10 கிலோ ஓமா, 47 கிலோ ஓமா, எமிட்டர்த் தடையா, கலெக்டர்த் தடையா என்று நான்கே பதில்கள்தாம். 47-ஐப் பிடுங்கினால் பேஸில் பூஜ்யமும் கலெக்டரில் 9-ம் காட்டும். எமிட்டர்த் தடையைப் பிடுங்கினாலும் கலெக்டரில் 9 தான். ஆனால் பேஸ் 1.58-இல் நிற்கும், ஏனெனில் இப்போது அது ஓட்டம் எடுக்கவில்லை. காணாமற்போயிருந்த 0.05 வோல்ட் திரும்பி வந்துவிட்டது. கலெக்டர்த் தடையைப் பிடுங்கினால் மூன்று கால்களிலும் என்ன காட்டும் என்பதை நாங்கள் சொல்லப்போவதில்லை; பலகையில் வைத்துப் பார்த்துவிட்டு, அடுத்த ஞாயிறு வரும்போது நீங்கள் எங்களுக்குச் சொல்லுங்கள்.